அவள் கொடுத்த சிறுநீரகம்

கடைவீதியில் அவருக்குப் பெயர் ‘கறார்’. விலையை இறக்கமாட்டார் என்று அர்த்தமில்லை. இறக்கிவிட்டதாக எதிராளியை நம்பவைத்து, தான் நினைத்த விலைக்கே துணியைக் கட்டிக் கொடுத்துவிடுவார். அந்த ஜவுளிக்கடைக்காரர், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புற்றுநோய் டாக்டரம்மாவிடம் பேரத்தை ஆரம்பித்தார்.

“பாதி மருந்து ஏத்துங்களேன். கட்டியும் கொஞ்சம் கரையட்டும், கிட்னியும் தப்பிக்கட்டும்.”

“இது அளந்து கிழிக்கிற துணி இல்லீங்க.”

கறாரின் அடிவயிற்றில் இருப்பது மனைவி கொடுத்த சிறுநீரகம். உடம்பு அதை வேற்றாள் என்று விரட்டாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை வருஷக்கணக்காக விழுங்கிவந்தார். உடம்பு அசந்த நேரத்தில் முதுகிலிருந்த மச்சம் புற்றாகி, நுரையீரல்வரை போய்விட்டது.

“ரத்தத்துல டி செல்லுன்னு காவல்காரங்க இருக்காங்க,” என்றார் டாக்டரம்மா. “ஒவ்வொரு செல்லும் உள்ள என்ன தயாராகுதோ அதுல ஒரு துணுக்க வெளிய காட்டும். காவல்காரர் அதைத் தடவிப் பார்ப்பார். கோளாறுன்னா அந்த செல்லை அங்கயே தீர்த்துடுவார்.”

“அப்ப இதை ஏன் விட்டாராம்?”

“ஒண்ணு, மாத்திரை அவரை மந்தமாக்கிடுச்சு. இன்னொண்ணு, நல்ல செல்லை அடிச்சுடக் கூடாதேன்னு அவர் மேலயே உடம்பு ஒரு பிரேக் வச்சிருக்கு. கட்டி கையை நீட்டி அதை அமுக்கிடுது. பக்கத்துல நின்னாலும் அவர் கை ஓங்க மாட்டார்.”

“நான் நம்ம ஆளுன்னு தோள்ல தட்டிட்டுப் போற மாதிரி,” என்றார் கறார். கட்டியின் மேல் அவருக்கு ஒரு தொழில் மரியாதையே வந்துவிட்டது.

“அதேதான். இந்த மருந்து கட்டியைத் தொடவே தொடாது. பிரேக் மேல மூடி மாதிரி உட்கார்ந்துக்கும். கட்டி எவ்வளவு அமுக்கினாலும் பிடிக்காது, காவல்காரர் மறுபடி அடிப்பார். எல்லாருக்கும் கேட்காது. சிலருக்கு நல்லாக் கேட்கும். ஆனா அதுக்கு உங்க மாத்திரையைக் குறைக்கணும். முழிச்சுக்கிட்டவர் கிட்னியையும் விடமாட்டார். அது போனா டயாலிசிஸ்தான்.”

கறார் மாட்டேன் என்று தலையாட்டினார். “இவ வயித்தைக் கிழிச்சுக் கொடுத்தது. அதை நான் தொலைக்க மாட்டேன்.”

“நான் கொடுத்தது உங்களுக்கு, கிட்னிக்கு இல்ல,” என்றாள் மனைவி. “அது போகட்டும். ஆள் இருந்தாப் போதும். எழுதிக்குங்க டாக்டரம்மா.”

மருந்து ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே நாள் சொல்லி ரத்தம் எடுத்து, மாத்திரையின் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். குறைந்திருந்தது. சிறுநீரகமும் அசையவில்லை.

“உன் கிட்னி உன்னை மாதிரியே, சொன்ன பேச்சு கேட்குது.”

“என்னை மாதிரின்னா எப்பவோ கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கும்.”

முதல் ஸ்கேனில் கட்டி பெருத்திருந்தது. காவல்காரர்கள் உள்ளே கூடினாலும் ஆரம்பத்தில் பெரிதாகத் தெரியலாம், பொறுப்போம் என்றார் டாக்டரம்மா. மனைவி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஒரு மத்தியானம், வாடிக்கையாளருக்குத் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் மூச்சு முட்டிச் சரிந்தார். அவசரப் பிரிவில் உடனே ரத்தம் எடுத்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் எடுத்த ரத்தம் அது ஒன்றுதான். மாத்திரையின் அளவு பழையபடி முழுசாக இருந்தது.

“குறைச்சுத்தானே எடுத்து வச்சேன்!” என்றாள் மனைவி.

கறார் கூரையைப் பார்த்தார். “நீ குறைச்ச மிச்சத்தைக் கடையில வச்சு முழுங்கிட்டேன். பரிசோதனை வருதுன்னா முன்னாடியே நிறுத்திடுவேன். பார்க்க வர்றவருக்கு நல்ல துண்டைக் காட்டித்தானே பழக்கம்.”

“பிரேக்கை நாங்க எடுத்துவிட்டோம்,” என்றார் டாக்டரம்மா மெதுவாக. “நீங்க காவல்காரரையே தூங்க வச்சுட்டீங்க.” புற்று கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. இனி மருந்து ஏற்ற உடம்பில் தெம்பு இல்லை.

“ஒழுங்காக் குறைச்சிருந்தா?” என்று கேட்டாள் மனைவி.

“கேட்டிருக்கும்னு சொல்ல முடியாதும்மா. கேட்காதுன்னும் சொல்ல முடியாது.”

வார்டில் அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, ரெண்டையும் காப்பாத்திடலாம்னு பார்த்தேன்.”

“யாரு கேட்டாங்க உங்களை?”

வாழ்நாளில் எதிர்விலை சொல்லாமல் அவர் வாய் மூடியது அன்றைக்குத்தான்.

நர்ஸ் வந்து கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஐயாவுக்கு கிட்னி மட்டும் அருமையா வேலை செய்யுது,” என்றாள், நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.

மனைவி எழுந்து வந்தாள். போர்வையை விலக்கி, பழைய தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தோலுக்கடியில் அது, அவளுடையது, திடமாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.