மாமாவுக்கு மாசாமாசம் காப்பி

நிறுத்தச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களை நிறுத்தவிடாமல் பேசுவதுதான் சின்னவளின் வேலை. அந்தப் பிரிவுக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் வாடிக்கையாளர் நலம். நலமாம், பெரிய நலம். வளர்ந்த மனுஷன் ஒருவன் வேண்டாம் என்று சொன்னால், அது காதில் விழாத மாதிரி மூன்று தடவை நடிக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

கம்பெனி விற்பது பரிசுச் சந்தா. பிறந்தநாளோ கல்யாணநாளோ, என்ன வாங்கித் தருவது என்று தெரியாமல் தலையைச் சொறிகிறவர்களுக்காகவே கண்டுபிடித்தது. அப்பாவுக்குப் புத்தகப் பெட்டி, சிநேகிதிக்குச் செடிப் பெட்டி, புருஷனுக்குக் காப்பிக் கொட்டைப் பெட்டி என்று மாதா மாதம் வீடு தேடிப் போகும். வாங்கிக்கொடுத்தவரின் கார்டிலிருந்து மாதா மாதம் பணமும் போகும். சேருவதற்கு விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும். விலக வேண்டுமென்றால் போனில்தான் கூப்பிட வேண்டும், அதுவும் அலுவலக நேரத்தில். கூப்பிட்டால் சின்னவள் எடுப்பாள்.

அவள் சேர்ந்து மூன்று மாதம் முடிகிறது. சோதனைக் காலத்தின் கடைசி நாள் இன்றைக்குத்தான். விலக வந்த நூறு பேரில் அறுபது பேரையாவது இருக்கவைத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நாளைக்கு வரவேண்டாம். மேலாளருக்கு அங்கே எல்லாரும் வைத்த பெயர் சதவீதம். மனுஷன் பெண்டாட்டியிடம்கூடச் சதவீதத்தில்தான் பேசுவார் என்பது சாப்பாட்டு அறைப் பேச்சு. அவர் மத்தியானத்திலிருந்து அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு ஆள் குறையுது. அடுத்து வர்றவங்களைப் பிடிச்சுட்டா நீ உள்ள. விட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது." இதைச் சொல்லிவிட்டு இன்னொரு ஹெட்செட்டை எடுத்து அவள் இணைப்பில் சொருகிக்கொண்டார். கேட்கப் போகிறாராம்.

சின்னவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த வேலை போனால் அறை வாடகை போகும், வாடகை போனால் மறுபடியும் அக்கா வீட்டு வாசல். புருஷனை விட்டு வந்ததும் எட்டு மாதம் அக்கா வீட்டில்தான் கிடந்தாள். அக்காவும் மாமாவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் சாப்பாடு இறங்கியிருக்கும். இனி செத்தாலும் அவர்களுக்குப் பாரமாகப் போய் நிற்பதில்லை என்று சபதம் போட்டுத்தான் கிளம்பி வந்தாள்.

பக்கத்து மேசைக்காரியின் பேர் பசை. அவளிடம் மாட்டினவர் யாரும் பிய்த்துக்கொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை. "பயப்படாதடி. பாதி விலைக்குத் தர்றேன்னு சொல்லு. மடங்கலைன்னா ரெண்டு மாசம் தள்ளி வைக்கச் சொல்லு. தள்ளி வெச்சாலும் இருக்கவெச்ச கணக்குதான். ரெண்டு மாசம் கழிச்சுத் தானா ஆரம்பிச்சுடும், பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காது" என்று கிசுகிசுத்தாள்.

மணி அடித்தது. சின்னவள் மூச்சை இழுத்துக்கொண்டு எடுத்தாள். "வணக்கம், வாடிக்கையாளர் நலம். சொல்லுங்க."

"வணக்கம் மேடம். ஒரு காப்பிச் சந்தா. எங்க வீட்டுக்காரருக்குப் பரிசா எடுத்தது. அதை நிறுத்தணும்."

அக்கா.

அக்காவும் இவள் குரலைத் தெரிந்துகொண்டாள். கடைசி வார்த்தை அவள் வாய்க்குள்ளேயே தேய்ந்தது. அத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் யாராவது எடுப்பார்கள், தங்கச்சிக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் அவளுடைய சொந்த நம்பருக்குக் கூப்பிடாமல் இங்கே கூப்பிட்டிருப்பாள். விதியைப் பாருங்கள்.

சொந்தக்காரர் அழைப்பு வந்தால் வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அலுவலக விதி. மாற்றினால் பக்கத்தில் பசைக்குத்தான் போகும். அக்காவைப் பசையிடம் கொடுப்பதும் ஆட்டுக்குட்டியை ஓநாயிடம் கொடுப்பதும் ஒன்று. சின்னவள் மாற்றவில்லை. சதவீதத்துக்கு ஒன்றும் தெரியாது. அவர் ஆள்காட்டி விரலைச் சுழற்றி, பேசு பேசு என்றார்.

"எதனால நிறுத்தணும்னு நினைக்கிறீங்க மேடம்?" திரையில் எழுதியிருந்ததை அப்படியே படித்தாள். கூடப் பிறந்தவளை மேடம் என்று கூப்பிட வாய் கூசியது. யாரோ கேட்கிறார்கள் என்று அக்காவுக்கும் புரிந்திருக்கும்; அவளும் மேடத்தை விடவில்லை.

"அது… அவரு குடிக்கிறதில்ல மேடம்."

குடிக்கமாட்டார் என்று அக்கா அன்றைக்கே சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒவ்வொருவரும் மூன்று புதுச் சந்தா பிடித்து வர வேண்டும் என்றார்கள். சின்னவளுக்கு யாரைத் தெரியும்? அக்காவைத்தான் தெரியும். மாமாவுக்கு ஐம்பது வயது நிறைகிறதே, காப்பிப் பெட்டி எடு என்றாள். "அவரு டீ குடிக்கிற மனுஷன்டி, காப்பி வாசமே ஆகாது" என்றாள் அக்கா. பழகிக்குவாரு என்றாள் இவள். அவருக்கு வேண்டுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாளா? இல்லை. தனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அதோடு விட்டாளா? அக்காவின் கார்டை வாங்கி எல்லாவற்றையும் இவளே பூர்த்தி செய்தாள். அதில் இரண்டு வழி உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரேயடியாகப் பணம் கட்டினால் மூன்றாவது பெட்டியோடு தானாக முடிந்துவிடும், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. இன்னொன்று நிறுத்தும்வரை மாதா மாதம் எடுத்துக்கொண்டே இருப்பது. பரிசு கொடுக்கிறவருக்கு முதலாவது நல்லது. விற்கிறவளின் கணக்கில் ஏறுவது இரண்டாவது. சின்னவள் இரண்டாவதைத் தொட்டாள். எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்க்கா என்றாள். கிணற்றில் விழுந்தவனும் எப்ப வேண்டுமானாலும் ஏறி வரலாம்தான்.

"புரியுது மேடம். வேற சுவை அனுப்பினா ஒருவேளை அவருக்குப் பிடிக்கலாம் இல்லையா?"

"கொட்டையா வருது மேடம். அரைக்கிறதுக்கு வீட்டுல எதுவும் இல்ல. மூணு பெட்டியும் அலமாரிக்கு மேல அப்படியே கிடக்கு. அனுப்ப வேணாம்னு அவரே உங்களுக்குக் கூப்பிட்டாரு. வாங்குறவரு நிறுத்த முடியாது, பணம் கட்டுறவங்கதான் நிறுத்தணும்னு சொல்லிட்டீங்க."

"ஆமா மேடம். அடுத்த ரெண்டு மாசம் பாதி விலைக்குத் தர்றோம்."

"பாதிகூட முடியாது மேடம்." அக்காவின் குரல் இறங்கியது. "அவருக்கு வேலை போயிடுச்சு. போன மாசமே போயிடுச்சு. இப்ப இருக்கறது நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுறதுக்கு மட்டும்தான். உங்க பணமும் நாளைக்குத்தான் எடுப்பீங்களாமே. எடுத்துட்டா பொண்ணைப் பரீட்சை எழுத விடமாட்டாங்க."

மாமாவுக்கு வேலை போய் ஒரு மாதம். அக்கா வாரா வாரம் போனில் பேசினாள், இங்க எல்லாம் நல்லா இருக்கோம், நீ உன் உடம்பைப் பாத்துக்க என்றுதான் சொன்னாள். தான் பாரமாக இருக்கக் கூடாது என்று சபதம் போட்டவள், மாதா மாதம் அந்த வீட்டிலிருந்து உருவிக்கொண்டிருந்திருக்கிறாள். பெரிய ரோஷக்காரி. தூ.

சதவீதம் ஒரு துண்டுச் சீட்டை அவள் முன் தள்ளினார். தள்ளி வை என்று எழுதியிருந்தது. அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவளைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்.

தள்ளி வைத்தால் நாளைக்குப் பணம் போகாது. பிள்ளை பரீட்சை எழுதும். இவள் வேலையும் நிற்கும். இரண்டு மாதத்துக்குள் தானே ஞாபகமாக நிறுத்திவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மனசு எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறது பாருங்கள். மாமாவுக்கு இரண்டு மாதத்தில் வேலை கிடைக்குமா? நாம் ஞாபகம் வைப்போமா? ஞாபகம் இருந்தாலும், அப்போதும் இதே மாதிரி ஒரு ஆள் குறைகிற நாள் வந்து நின்றால்?

"ரெண்டு மாசத்துக்கு…" என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள்.

அந்த இரண்டு வார்த்தையில் அக்கா எதையோ பிடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே இவள் குரல் கொஞ்சம் நடுங்கினாலும் அக்காவுக்குத் தெரிந்துவிடும். "மேடம், நான் இப்ப நிறுத்தினா அதனால உங்களுக்கு ஏதாவது ஆகுமா?"

சின்னவள் திரையில் அடுத்த வரியைத் தேடினாள்.

"அப்படின்னா வேணாம் மேடம். இருக்கட்டும். நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன். அவரும் காப்பி பழகிட்டா நல்லதுதான்."

சதவீதம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வாடிக்கையாளர் தானாகவே இறங்கிவருவதை அவர் தன் வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டார். சின்னவளுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

"இல்லைங்க மேடம், நீங்க நிறுத்தணும்னுதான் கூப்பிட்டீங்க."

"இப்ப வேணும்னு சொல்றேன் மேடம்."

"அவரு டீ குடிக்கிறவரு மேடம். குடிக்காத ஆளுக்கு எதுக்கு மாசாமாசம் பணம் கட்டணும்? அரைக்கிறதுக்கு எதுவும் இல்லைன்னு நீங்களே சொன்னீங்க."

"பாதி விலைன்னீங்களே, அதுல போடுங்க. இல்லைன்னா ரெண்டு மாசம் என்னமோ சொன்னீங்களே, அது."

"ரெண்டு மாசம் கழிச்சு அது தானா மறுபடி ஆரம்பிச்சுடும் மேடம். பாதி விலையும் ரெண்டு மாசம்தான், அப்புறம் முழு விலை. ரெண்டும் உங்களுக்கு வேணாம்."

பசை தன் அழைப்பைக்கூட மறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சதவீதத்தின் கட்டை விரல் அந்தரத்தில் நின்றது. விலக வந்தவள் இருக்கிறேன் என்கிறாள், இருக்கவைக்க வேண்டியவள் போ போ என்கிறாள். இந்த அலுவலகத்தில் இப்படி ஒரு கூத்து நடந்ததே இல்லை.

"என்ன பண்ற நீ?" என்றார் சதவீதம், மைக்கைக் கையால் மறைத்துக்கொண்டு.

சின்னவள் திரையில் 'நிறுத்து' என்பதை அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம். காரணம் என்ன என்று கேட்டது. பெறுபவர் உபயோகிப்பதில்லை. கடைசியாக ஒருமுறை, பாதி விலை சொல்லிப் பார்த்தீர்களா என்று கேட்டது. பார்த்தாயிற்று, பாவி, பார்த்தாயிற்று.

"உங்க சந்தா நின்னுடுச்சு மேடம். நாளைக்குப் பணம் எடுக்கமாட்டோம், இனிமேலும் எடுக்கமாட்டோம். உங்களுக்கு ஒரு மெயில் வரும். அதை அழிக்காம வெச்சிருங்க. தப்பித் தவறி எடுத்துட்டா அந்த மெயிலைக் காட்டித் திருப்பிக் கேளுங்க."

"ஐயோ, உன் வேலைடி?"

மேடம் எல்லாம் போய்விட்டது. சதவீதம் ஹெட்செட்டைக் கழற்றினார். திட்டவில்லை. துண்டுச் சீட்டை மட்டும் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெளியே போகிற வழியைப் பார்த்தபடி நின்றார். இனி அவர் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.

திரையில் கடைசி வரி இன்னும் பாக்கி இருந்தது. அதையும் படித்தால்தான் அழைப்பு முடியும். சின்னவள் படித்தாள். "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வேணும். நாளைக்கு உன் மாமா வேலை தேடிப் போறாரு, நானும் போறேன். வீட்டுல பொண்ணுகூட இருக்கறதுக்கு ஆள் இல்ல. பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடு."

வீட்டில் ஆள் வேண்டும் என்பது பொய். பரீட்சை எழுதுகிற பெண்ணுக்குக் காவல் எதற்கு? வேலை போனவன் வீட்டில் இன்னொரு தட்டு வைப்பதற்கு அக்கா காரணம் தேடுகிறாள். அதுகூடத் தெரியாதா சின்னவளுக்கு?

"வர்றேன்க்கா" என்றாள்.