அறுநூறு பேருக்கும் போன விண்ணப்பம்

1998. முனைவர் பட்டம் முடித்த கையோடு வேலை தேடிக்கொண்டிருந்த ஜெரினா, மின்வேதியியல் மின்னஞ்சல் குழுவில் ஒரு ஜெர்மானியப் பேராசிரியரின் ஆய்வாளர் பணி அறிவிப்பைப் பார்த்தாள். அவருடைய ஆய்வக இணையப் பக்கத்தில் குறிப்பிட்டிருந்த கட்டுரையை நூலகத்தில் தேடிப் படித்தாள். விண்ணப்பத்தில், "உங்கள் மூன்றாம் வரைபடத்தில் அலகு தவறு" என்றும் எழுதி அனுப்பிவைத்தாள். சும்மா இருக்க முடியாதே அவளால்!

மறுநாள் பக்கத்து ஆய்வகக் கோபிநாத் ஓடிவந்தான். "என்னங்க பண்ணி வச்சிருக்கீக? உங்க விண்ணப்பம் குழுவுல இருக்க அறுநூறு பேருக்கும் வந்திருக்கு!"

அறிவிப்புக்கு அப்படியே பதில் போட்டால் அது குழுவுக்கே போகும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் மூன்று நாள் கணினி அறைப் பக்கமே போகவில்லை.

நான்காம் நாள் கோபிநாத் ஓர் அச்சுத்தாளை நீட்டினான். பேராசிரியரின் பதில்: "அலகு தவறுதான். இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் அனுப்புங்கள். இடம் உங்களுக்குத்தான்."

"எனக்கு வந்தது உங்க கையில எப்படி?"

"அவரும் அறுநூறு பேருக்கும் அனுப்பிட்டாருங்க."