மூன்று முறை தீர்ந்த புகார்

மொபைல் பில்லின்படி அவள் ஒன்பது நாள் வெளிநாட்டில் இருந்திருக்கிறாள். ஏதோ கடற்கரை நகரத்தில் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்கில் பேசியிருக்கிறாள், விடிய விடிய வீடியோ பார்த்திருக்கிறாள். அதற்கான ரோமிங் கட்டணம் அவள் சம்பளத்தில் பாதி.

"ஏம்மா, போறதுதான் போன, என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றார் கணவர். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். கையெல்லாம் கிரீஸ் என்பதால் பில்லைத் தொடாமல் எட்டி நின்று படித்தார்.

"பாஸ்போர்ட்டே இல்லாதவ எங்கங்க போறது?"

இதில் பெரிய வேடிக்கை, அவள் வேலை பார்ப்பதே அந்த மொபைல் கம்பெனியின் உதவி மையத்தில். அந்த ஒன்பது நாளும் நான்காவது மாடியில், பதினேழாம் இருக்கையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஊருக்கெல்லாம் வருந்திக்கொண்டிருந்தாள். நல்ல குரல். அதனால் அங்கே அவளுக்குப் பெயர் ரேடியோ.

ஊழியர்கள் சொந்தக் கணக்கைத் தாங்களே திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனவே மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து, எல்லோரையும் போல உதவி எண்ணுக்கு அழைத்தாள். பதினெட்டு நிமிடம் ஒரே இசை. பிறகு பக்கத்து இருக்கைப் பெண்ணின் குரல் வந்தது. ஒல்லியாக இருப்பதால் பென்சில்.

"வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"பென்சில், நான்தாண்டி!"

"கால் ரெக்கார்ட் ஆகுதுக்கா," என்று கிசுகிசுத்துவிட்டு, பென்சில் கணீரென்று தொடர்ந்தாள்: "சரிபார்ப்புக்காக உங்கள் பிறந்த தேதியைச் சொல்ல முடியுமா, மேடம்?"

போன வாரம்தான் அந்தப் பிறந்தநாளுக்கு இருவரும் கேக் வெட்டியிருந்தார்கள். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு தேதியைச் சொன்னாள். புகார் எண் கிடைத்தது.

இரண்டாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." பில்லில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மறுபடி அழைத்தாள், மறுபடி தீர்ந்தது. மூன்றாம் முறையும் தீர்ந்தது. கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதினாள். "புகார் ஏற்கெனவே தீர்க்கப்பட்டதால் மேல்நடவடிக்கை இல்லை" என்று பதில் வந்தது.

"யாருடி மூடறது என் புகாரை?"

பென்சில் தலையைக் குனிந்துகொண்டாள். "கடைசியா மூடினது நான்தான்க்கா. பில்லிங்கிலேர்ந்து பதிலே வரல. நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல திறந்து கெடந்தா எனக்கு மார்க் போயிரும்."

ரேடியோவுக்குக் கோபம் வந்தது. ஆனால் நெடுநேரம் நிற்கவில்லை. அதே மார்க்குக்காக அவளும் எத்தனையோ பேர் புகாரை மூடியிருக்கிறாள்.

அன்று மாலை பில்லின் பின்பக்கத்தைத் திருப்பினாள். எறும்பு எழுத்தில் இருந்தது: முப்பது நாளில் தீர்வு கிடைக்காத வாடிக்கையாளர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தை அணுகலாம். ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள், ஒருவரிடமும் இதை அவள் சொன்னதில்லை. யாரும் சொல்லச் சொன்னதுமில்லை. நாட்களை எண்ணினாள். முப்பத்து நான்கு.

விடுமுறை நாளன்று ஆணையத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் போனாள். மூன்று ஜன்னல், ஒரு மின்விசிறி, டோக்கன். அவள் முறை வந்தபோது, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த அதிகாரி கை நீட்டினார்.

"முதல்ல கம்பெனிகிட்ட சொன்னீங்களா?"

புகார் எண்கள், மூன்று குறுஞ்செய்திகளின் அச்சுப் பிரதி, மேல்முறையீட்டுப் பதில், பில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள்.

"மூணு தடவை தீர்ந்திருக்கே! கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க. சரி, அந்த ஒன்பது நாள் நீங்க இங்கதான் இருந்தீங்கன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

அவள் சற்றுத் தயங்கி, தன் சம்பளச் சீட்டையும் அதோடு தரும் வருகைப் பட்டியலையும் எடுத்து வைத்தாள். அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கினார். சீட்டின் தலைப்பைப் பார்த்தார். பில்லின் தலைப்பைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"நீங்க இங்க இருந்தீங்கன்னு சம்பளம் கொடுத்தவங்களே, நீங்க அங்க இருந்தீங்கன்னு பில்லும் போட்டிருக்காங்களா?"

"ஆமா சார். வேலைக்கு ஏதும் ஆயிடுமா?"

"வாடிக்கையாளரா வந்திருக்கீங்க. எங்க வேலை பாக்கறீங்கங்கறது எனக்கு இப்ப சாட்சி, அவ்வளவுதான்." முத்திரையைக் குத்தினார். "இப்பவே தீர்ப்பு சொல்ல மாட்டோம். கம்பெனிக்கு அனுப்பி ஆதாரத்தோட பதில் கேப்போம், பதினஞ்சு நாள் அவகாசம். அதுவரைக்கும் இந்த ரோமிங் தொகையைக் கட்ட வேண்டாம், லைனையும் துண்டிக்கக் கூடாது. மிச்ச பில்லை மட்டும் ஒழுங்கா கட்டிடுங்க."

பன்னிரண்டாம் நாள் டீம் லீடர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"ரேடியோ, நீதான் காப்பாத்தணும். ஆணையத்திலேர்ந்து கடிதம். கஸ்டமரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, தப்பை விளக்கி, ரெக்கார்டிங்கை இன்னிக்கே அனுப்பணுமாம். பொல்லாத ஆளு போலிருக்கு, விடாம அங்க வரைக்கும் போயிருக்காங்க."

காகிதத்தில் அவள் எண்தான் இருந்தது.

"இவங்கள எனக்குத் தெரியும் சார்."

"தெரியுமா? எப்படிப்பட்டவங்க?"

"தங்கமானவங்க. பசி நேரத்துல மட்டும் பேச்சு கொடுக்கக் கூடாது."

"ஐயோ, இப்ப மணி ஒண்ணு!"

"நான்தான் சார் அது."

டீம் லீடர் பதினெட்டாம் இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். அது பென்சிலின் மடி. பென்சில் அலறினாள். அந்த வரிசை முழுவதும் வாடிக்கையாளர்களை அவசர அவசரமாக ஹோல்டில் போட்டது.

கடைசியில், புகாரைக் கடைசியாக மூடியவர் என்ற முறையில் பென்சில் பேசுவது என்றாயிற்று. ரேடியோ போனோடு கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கேன்டீனில் நின்றாள். மணி அடித்தது.

"வணக்கம் மேடம்..." என்று தொடங்கிய பென்சில், நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். முதல் ரெக்கார்டிங் முழுக்கச் சிரிப்பு. இரண்டாவதில் "உங்கள் சிரமத்துக்கு" வரை வந்து விக்கல் எடுத்தது. மூன்றாம் முறை டீம் லீடர் குறுக்கே நின்று கண்ணாடியை மறைத்துக்கொண்டார்.

"மூணு மாசம் முன்னாடி நீங்க சிம் மாத்தினப்ப, அதே கடையில இன்னொருத்தரும் மாத்தியிருக்காரு மேடம். ரெண்டு சிம்மோட வரிசை எண்ணையும் கணக்குல மாத்திப் பதிஞ்சிட்டாங்க. உள்ளூர் கால் உங்க போன் நம்பரை வெச்சு வரும், அதனால தெரியல. வெளிநாட்டுக் கணக்கு சிம் எண்ணை வெச்சு வரும். அவரு கடற்கரைக்குப் போனாரு, பில் உங்களுக்கு வந்துச்சு. அந்தத் தொகையை முழுசா நீக்கியாச்சு." பென்சில் நிறுத்தினாள். அடுத்த வரி காகிதத்தில் இல்லை. "பாக்காமலே மூடினதுக்கு என்னை மன்னிச்சிருங்கக்கா."

"போடி லூசு," என்றாள் ரேடியோ. அதுவும் பதிவாகி ஆணையத்துக்குப் போனது.

மறுநாள் மாலை அதிகாரியே அழைத்தார். "பில்லைச் சரிபார்த்தீங்களா? உங்களுக்குத் திருப்தின்னு சொன்னாத்தான் நாங்க இந்தப் புகாரை மூட முடியும். மூடலாமாம்மா?"

மூடலாமா என்று ஒருவர் கேட்டுக்கொண்டு மூடுவதை அவள் அன்றுதான் பார்த்தாள். "தாராளமா மூடுங்க சார்," என்றாள். போனை வைத்துவிட்டு நான்கு மாடியும் லிஃப்டுக்குக் காத்திராமல் தடதடவென்று இறங்கினாள். வாசலில் வண்டியோடு நின்ற கணவரிடம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். மடியில் உட்கார்ந்த இடம் வந்ததும் சிரிப்பு முட்டி, மேலே ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. என்னவென்று தெரியாமலே அவரும் சேர்ந்து சிரித்தார்.