சத்தமில்லாமல் போகும் லைன்

"உங்க பேரைச் சொல்லுங்கம்மா" என்று அனந்தமதி கேட்டு முடிப்பதற்குள் லேப்டாப் டொய்ங் என்று ஒரு சத்தம் போட்டது. திரையில் இருந்த முகம் வாயைத் திறந்தபடியே உறைந்துவிட்டது.

"போச்சு!" என்றாள் அனந்தமதி.

"மறுபடியுமா?" என்று கூடத்திலிருந்து அவள் நைனா தர்மதாஸ் குரல் கொடுத்தார்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை. அதற்கு வரும் போன்களை எடுத்து, எந்த டாக்டரை எப்போது பார்க்கலாம் என்று பதிந்து கொடுக்கும் வேலை. செஞ்சியில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அனந்தமதி பயிற்சியில் இருந்தாள். சனிக்கிழமை காலை கடைசிச் சோதனை. நோயாளிகள்போல அலுவலக ஆட்களே பேசுவார்கள். அதில் ஒரு தடவை லைன் அறுந்தாலும் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று மேற்பார்வை பார்க்கும் அறிவுமதி மேடம் சொல்லிவிட்டார். நல்லவர்தான், ஆனாலும் சொன்னால் சொன்னதுதான்.

வைஃபை கூடாது, கேபிள்தான் போட வேண்டும் என்பது அவர்களுடைய விதி. அனந்தமதியின் லேப்டாப்போ அப்பளம் மாதிரி மெலிசு. கேபிள் செருக அதில் இடமே இல்லை. அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில், யூஎஸ்பியில் மாட்டுகிற சின்ன அடாப்டர் ஒன்றை இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கி வந்திருந்தாள். அதன் ஒரு பக்கம் லேப்டாப்பில் போகும், மறுபக்கம் கேபிள் வரும். டப்பாவில் குட்டியாக ஒரு சீடியும் இருந்தது. சீடி போடவும் லேப்டாப்பில் இடம் இல்லை.

அவளுடைய கல்லூரித் தோழி செல்வராணி ஊரிலேயே ஒரு கேபிள் டிவி, இன்டர்நெட் ஆபீசில் வேலை செய்தாள். கம்பத்தில் ஏறுவதைத் தவிர மற்ற எல்லாமே அவள்தான். கூப்பிட்டதும் ஸ்கூட்டியை வாசலில் போட்டுவிட்டு வந்தாள்.

"குரங்குதான்" என்று தர்மதாஸ் முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கோட்டையில இருந்து இறங்கி வந்து உங்க ஒயர்ல ஊஞ்சல் ஆடுது. நான் பார்த்தேன்."

"குரங்கு இழுத்தா மொத்த வீட்டுக்குமே நெட் போவும் நைனா" என்றாள் செல்வராணி. "மதி லைன் போனப்ப அம்மா போன்ல சீரியல் நின்னுச்சா?"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நிக்கலையே. அந்த மாமியார்க்காரி பேசினுதான் இருந்தா."

"அப்ப குரங்கு மேல பழி போடாதீங்க. ரூட்டர் வரைக்கும் நெட் ஒழுங்கா வருது. கோளாறு ரூட்டர்ல இருந்து லேப்டாப் வரைக்கும் எங்கேயோதான்."

செல்வராணி அனந்தமதியின் அறையில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "போவும்போது என்னாடி ஆவுது? சும்மா போச்சு போச்சுன்னு சொல்லாத."

"டொய்ங்னு சத்தம் வரும். அப்புறம் நெட் இல்லன்னு காட்டும். கொஞ்ச நேரத்துல தானா வந்துடும்."

"பேசினு இருக்கும்போதா?"

அனந்தமதி யோசித்தாள். "பெரும்பாலும் ஒரு கால் முடிஞ்சு சும்மா உக்காந்திருப்பேன். அடுத்த கால் வரும். எடுத்த உடனே போவும்."

"சும்மா இருக்கும்போது தூங்குது. நீ எழுப்புன உடனே தடுமாறுது. எங்க அண்ணனை காலையில எழுப்புற மாதிரி."

டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் டொய்ங். நெட்வொர்க் அடாப்டர் வரிசையில் இருந்த அந்தப் பெயரே காணாமல் போனது. பிறகு மறுபடியும் டொய்ங் என்று வந்து உட்கார்ந்தது.

"பாத்தியா, அடாப்டரையே லேப்டாப் மறந்துபோவுது. யாரோ புடுங்கி மாட்டுன மாதிரி." செல்வராணி அந்தப் பெயரின் மேல் தட்டி, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போனாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தது. எடுத்துவிட்டாள். பவர் பிளானுக்குள் போய், யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் அமைப்பையும் நிறுத்தினாள். "கரண்டை மிச்சம் புடிக்குதாம். உங்க நைனா மாதிரி."

"நான் எங்க மிச்சம் புடிச்சேன்? ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடக் கூடாதுன்னேன், அவ்ளோதான்" என்றார் தர்மதாஸ் கூடத்திலிருந்து. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அடுத்தது டிரைவர். விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட பழைய டிரைவர் அதில் இருந்தது. அடாப்டரின் உள்ளே இருக்கும் சிப் எது என்று ஹார்டுவேர் எண்ணை வைத்துக் கண்டுபிடித்து, சிப் செய்தவர்களின் தளத்திலிருந்தே புதியதை இறக்கிப் போட்டாள். குட்டி சீடியை அனந்தமதியின் அம்மா வாங்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தில் காக்கை விரட்டக் கட்டினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை முழுவதும் ஒரு டொய்ங்கும் இல்லை. ஒரு கால் முடிந்து நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும், அடுத்த கால் வந்ததும் லைன் விழித்துக்கொண்டே இருந்தது. அனந்தமதி பாட்டுக்கூடப் பாடினாள்.

மத்தியானம் லைன் போனது. இந்தத் தடவை சத்தமே இல்லை.

செல்வராணிக்குப் போன் போட்டாள். "எல்லாம் வேஸ்ட்டுடி. மறுபடியும் போச்சு."

"சத்தம் வந்துச்சா?"

"இல்ல."

"அடாப்டர் பேர் வரிசையில இருக்குதா?"

"இருக்குது. நெட்வொர்க் கேபிள் மாட்டலைன்னு எழுதியிருக்குது. ஐயோ, இப்ப தானா வந்துடுச்சு."

"அப்ப இது வேற வியாதி. நேத்து வந்தது காய்ச்சல், இது வயித்துவலி. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைச்சிட்டோம். கேபிளைப் பாக்கணும், வரேன் இரு."

வந்து பார்த்தாள். அடாப்டர் பக்கம் கேபிள் சரியாக இருந்தது. கூடத்தில் ரூட்டரில் செருகியிருந்த முனையைத் தொட்டதும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. செருகியதும் க்ளிக் என்று பிடித்துக்கொள்ள வேண்டிய பிளாஸ்டிக் நாக்கு முறிந்திருந்தது.

"இதான். நாக்கு உடைஞ்சா புடி இருக்காது. காத்தடிச்சாலே கழலும்." ஆபீசிலிருந்து கொண்டுவந்த புதுக் கேபிளை, பழையது போன வழியிலேயே போட்டாள். ரூட்டரிலிருந்து தரையோரமாக வந்து, அறைக் கதவின் நிலைப்படிக்கு அடியில் இருந்த இடுக்கில் நுழைந்து உள்ளே போனது. க்ளிக். இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. "நாளைக்கு ஜாலியா பேசு."

வேலை முடிந்த திருப்தியோடு கூடத்தில் உட்கார்ந்தாள். கூடத்தின் பாதியை மல்லாட்டை மூட்டைகள் அடைத்திருந்தன. தர்மதாஸ் மல்லாட்டை வியாபாரி. நிலக்கடலையை வாங்கி, உடைத்து, பருப்பாக விற்பார். அவருடைய வீட்டில் வெளிச்சம் இருக்கும்போதே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். எல்லாச் சமண வீடுகளையும்போலத்தான். அதனால் அம்மா அப்போதே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராணிக்கும் தட்டு வந்தது.

முதல் தோசையை அவள் பிய்த்தபோது, தர்மதாஸ் நிலைப்படி அருகே குனிந்து எதையோ பார்த்தார். "அடடா" என்று சொல்லிக்கொண்டார். பிறகு நிதானமாக ரூட்டரிடம் போய், புதுக் கேபிளின் நாக்கை அழுத்த முயன்று, முடியாமல், நகத்தைக் கொடுத்து நெம்பிப் பிடுங்கினார்.

"போச்சு!" என்று அறைக்குள்ளிருந்து அலறல் வந்தது.

பிடுங்கிய முனையைக் கையில் பிடித்தபடியே, "மறுபடியும் போச்சாம்மா?" என்று தர்மதாஸ் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

செல்வராணிக்குத் தோசை புரையேறிவிட்டது.

அனந்தமதி ஓடி வந்தாள். செல்வராணி இருமிக்கொண்டே கையை நீட்டிக் காட்டினாள்.

"நைனா! இன்னா பண்றீங்க?"

"எறும்புமா." தர்மதாஸ் கேபிளை இடுக்கிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டிருந்தார். "மல்லாட்டைக்கு வருதுங்க. இந்த இடுக்குலதான் போவுதுங்க, வருதுங்க. நீ கதவைச் சாத்தினா இந்த ஒயர் ஆடி அதுங்க நசுங்குது. பாவம் இல்லையா? அதான் ஒயரை வெளியில எடுத்து, துணியால தட்டிவிட்டு, அதுங்க போன அப்புறம் மாட்டிடுவேன். உடனே மாட்டிடுவேனே!"

"தினமுமா?"

"கூட்டமா வந்தாத்தான். உங்கம்மா போன்ல சீரியல் நிக்கலையேன்னு நெனைச்சேன். நெட்டு காத்துல வருது, இந்த ஒயரு கரண்டுக்கோ எதுக்கோன்னு." சற்று யோசித்தார். "பழைய ஒயரு நல்லா வந்துச்சு. இது ரொம்ப அடம் புடிக்குது."

"பழசுக்கு நாக்கையே ஒடைச்சிட்டீங்க, அடம் எங்க புடிக்கும்?" என்றாள் செல்வராணி. "குரங்கு மேல வேற கேஸ் போட்டீங்க."

தர்மதாஸ் சிரிக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். "உன் வேலைக்கு நான்தான் உலை வெச்சனா?"

"நாளைக்குத்தான் நைனா தெரியும்" என்றாள் அனந்தமதி. திட்டத்தான் வந்தாள். முடியவில்லை.

கேபிளைக் கதவுக்கு மேலே ஏற்றிச் சுவரில் ஆணி அடித்துக் கொண்டுபோனால் எறும்புக்கும் வம்பில்லை. ஆனால் அதற்கு இந்த நீளம் போதாது. நீளமான கேபிள் திண்டிவனத்திலிருந்து சனிக்கிழமை மத்தியானம்தான் வரும். கதவைத் திறந்தே வைக்கலாம் என்றால் கூடத்துச் சத்தம் உள்ளே வரும். இடுக்கிலேயே போடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தர்மதாஸ் சொன்னார். சொல்லும்போதே அவர் கண் எறும்புகள் மேல் இருந்தது.

"நைனாவை நம்பலாம், நைனா கையை நம்ப முடியாது" என்றாள் செல்வராணி. "மதி, நீயே ரூட்டர்கிட்ட வந்துடு."

சனிக்கிழமை காலை ரூட்டருக்குக் கீழே ஒரு மேசை போட்டார்கள். கேபிளின் மிச்சத்தைச் சுருட்டி மேசைமேலேயே வைத்தார்கள். மூட்டைகளுக்கு முன்னால் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினாள் அம்மா. சீரியலுக்கு விடுமுறை. வீட்டில் மிச்சமிருந்த சத்தம் வியாபாரம்தான். தர்மதாஸ் தராசோடு தெருவுக்கே போய்விட்டார்.

அனந்தமதி பேசத் தொடங்கினாள். முட்டிவலிக்காரர் ஒருவர், காது டாக்டர் கேட்ட ஒரு பெண்மணி. அடாப்டரின் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவதாக ஒருவர் கோபத்தோடு கத்திக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாக பீமாராவின் மொபெட் தெரிந்தது. பீமாராவ் பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து வரும் வாடிக்கைக்காரர். அவர் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள்.

"தர்மதாஸ் அண்ணே! இன்னா தெருவுல..."

தர்மதாஸ் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு காட்டினார்.

"பல்லு வலியா?" என்று பீமாராவ் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்ததை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. தர்மதாஸ் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு மூட்டை விலை முழுவதும் விரல்களாலேயே பேசப்பட்டது.

அனந்தமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "புரியுதுங்க சார், இன்னிக்கே அந்த டாக்டர் இருக்கார். பதிஞ்சிடட்டுமா?" என்றாள். குரலில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கலந்திருக்க வேண்டும். கத்தியவர் அடங்கிப்போனார்.

கடைசிக் கால் முடிந்ததும் திரையில் அறிவுமதி மேடம் வந்தார். "லைன் ஒரு தடவைகூட போகல. திங்கட்கிழமை காலையில லாகின் பண்ணிடுங்க. அந்தக் கோபக்காரர்கிட்ட நல்லா பேசினீங்க. அவர் எங்க மேனேஜர்தான்."

அனந்தமதி ஹெட்செட்டைக் கழற்றினாள். ஜன்னலைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். தர்மதாஸ் வாயிலிருந்து கையை எடுத்தார். "பாஸாயிட்டியா?" என்று அவர் போட்ட கூச்சலில் பீமாராவே இரண்டடி பின்னால் போனார்.

மத்தியானம் செல்வராணி நீளக் கேபிளோடும் ஆணிகளோடும் வந்தாள். அனந்தமதி பிடித்துக்கொண்ட ஸ்டூலில் ஏறி, கதவு நிலைக்கு மேலே சுவரில் முதல் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினாள்.

"ராணி, கொஞ்சம் இரும்மா" என்றார் கீழே நின்ற தர்மதாஸ். "அங்க பல்லி ஒண்ணு குடியிருக்குது. அது வெளிய போன அப்புறம் அடி."

செல்வராணி சுத்தியலை இறக்கினாள். மூன்று பேரும் அண்ணாந்து, பல்லி கிளம்புவதற்காகக் காத்திருந்தார்கள்.