படத்தில் எண் இல்லை

மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு சிறுமியின் தமிழ்த் தேர்வுத் தாளில் பத்துக்கு ஐந்து போட்டு மூடி வைத்திருந்தார். வினா எளிதுதான். நான்கு படங்களைக் கலைத்துக் கொடுத்து, அவற்றை வரிசைப்படுத்தி ஐந்து வாக்கியங்களில் ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தார்கள். வாக்கியத்துக்கு நான்கு, நிகழ்ச்சி வரிசைக்கு மூன்று, நிறுத்தக்குறிக்கு மூன்று மதிப்பெண். விடைக்குறிப்பின்படி கார் வருகிறது, அப்பா இறங்குகிறார், மகளைக் கட்டிக்கொள்கிறார், எல்லோரும் வீட்டுக்குள் போகிறார்கள்.

அந்தச் சிறுமி இப்படி எழுதியிருந்தாள்:

'முதலில் நாங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்தோம். அடுத்து அப்பா என்னைக் கட்டிப்பிடித்தார். நீங்கள் எப்போது வருவீர்கள். பிறகு அப்பா காரில் ஏறினார். கடைசியில் கார் போய்விட்டது'

எல்லாம் தலைகீழ் என்று வரிசைக்குச் சுழியம். கேள்விக்குறி இல்லை, கடைசியில் முற்றுப்புள்ளியும் இல்லை. அதற்கு இரண்டு குறைத்திருந்தார். மறுநாள் கட்டுகளை அடுக்கும்போது தாள் மறுபடி கண்ணில் பட்டது. படங்களை எடுத்துப் பார்த்தார். அப்பாவின் ஒரு கால் காருக்குள், ஒரு கால் தரையில். இறங்குகிறாரா, ஏறுகிறாரா? படத்தில் எங்கும் எண் இல்லை.

தாளோடு தலைமையாசிரியையிடம் போனார்.

"அவ அப்பா போன மாசம்தான் வெளிநாட்டுக்குப் போனாரு. பாவம்னு மார்க் கேக்கறீங்களா?" என்றார் அவர்.

"இல்லம்மா. முதலில், அடுத்து, பிறகு, கடைசியில்னு எல்லாம் கோவையா இருக்கு. நாமதான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நின்னுட்டோம்."

தலைமையாசிரியை படங்களை வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு வரிசையும் சரின்னு குறிப்புல எழுதிடுங்க. எல்லாத் தாளையும் இன்னொரு தடவை பாருங்க. நிறுத்தக்குறிக்குப் போன மார்க் போனதுதான்."

"அது போனதுதாம்மா."

மறுபடி பார்த்ததில் இன்னொரு பையனுக்கும் மூன்று கூடியது. அவன் ஏன் அப்படி எழுதினான் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சிறுமிக்கு எட்டு வந்தது.

தாள் கொடுத்த அன்று அவள் மேசையருகே வந்து, 'எப்போது வருவீர்கள்' என்ற வரியின் முடிவைக் காட்டினாள்.

"டீச்சர், இங்க ஏன் வட்டம் போட்டிருக்கீங்க?"

"அப்பாகிட்ட நீ என்ன பண்ணற? சொல்றியா, கேக்கறியா?"

"கேக்கறேன்."

"கேட்டா கேள்விக்குறி போடணும்ல, கண்ணு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பா ஒண்ணுமே சொல்லலையே டீச்சர். அப்பவும் போடணுமா?"

டீச்சர் பென்சிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"பதில் வரலைன்னாலும் போடணும்மா."

அவள் குனிந்து, புள்ளியை அழித்துவிட்டு, வளைத்து வளைத்துப் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.