மணிக்கொரு தடவை

இரும்புத் தகடுகள் சரிந்து தொடை நசுங்கிய லோடுமேனைப் பாதி நாள் கழித்துத்தான் குடோனில் கண்டெடுத்தார்கள். போன் போட்டுத் தேட அவனுக்கு நாதியில்லை.

சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடாமல் இருக்க, ஆஸ்பத்திரியில் சலைனைத் தாராளமாக ஏற்றினார்கள். குழாய் வழியே பால் விடாத டீ போலப் பையில் இறங்கிய சிறுநீரை நர்ஸ் மணிக்கொரு தடவை வந்து அளந்தாள். "என்னண்ணே, தேவலையா?" என்பாள். அதற்காகவே அவன் கண்ணை மூடாமல் கிடப்பான்.

இன்று சிறுநீர் தெளிந்துவிட்டது. ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் என்சைம் லட்சத்திலிருந்து சில ஆயிரத்துக்கு இறங்கியிருந்தது.

"கிட்னி தப்பிச்சிருச்சு. இனிமே மணிக்கு மணி அளக்க வேண்டாம்" என்றார் டாக்டர்.

அவன் முகம் தொங்கிப்போனது. சலைனைக் கழற்ற வந்த நர்ஸிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அளக்க வேண்டாம் சிஸ்டர். சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறீங்களா?"