பின்தங்கிய பறவை

கட்டடம் எப்படி இருந்தாலும் அதன் மேலே வானத்தில் பறவை விடுவது என் வேலை. டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் நாலு பேர் மட்டுமே உள்ள ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில், இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோலக் கணினியில் படமாக்குகிறேன். சுவர், கண்ணாடி, மேகமெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். பறவைக்கு அஸ்கர்தான் என்று ஊரே சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் என்றால் நான்.

துறைமுகத்தில் கட்டப்போகும் குளியல் கூடத்துக்கு நகராட்சி வடிவமைப்புப் போட்டி வைத்தது. வரைபடத்தில் பெயர் இருக்கக் கூடாது, ஓர் எண் மட்டும்தான். பெயர், ஒட்டி மூடிய தனி உறைக்குள் இருக்கும். யார் வரைந்தது என்று படத்திலிருந்தே தெரிந்துவிட்டால் வெளியே தள்ளிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு போட்டியில் தோற்றிருந்தோம். இதிலும் தோற்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று அலுவலகத் தலைவி ரக்னில்ட் சொல்லிவிட்டாள்.

"அஸ்கர், உன் பறவைக் கூட்டம் இதுல வேணாம். எல்லாப் படத்துலயும் அதே கூட்டந்தான். பாத்த உடனே நாமதான்னு தெரிஞ்சிரும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பயத்தில் இல்லை, பெருமையில்.

"அவ்வளவு பேருக்குத் தெரியுதா?"

"எனக்குத் தெரியுது, அது போதும். வானத்தைச் சும்மா விடு."

"புதுசா ஒரு கூட்டம் செய்யறேன். எங்கம்மாவுக்கே அடையாளம் தெரியாது."

"உங்கம்மா நடுவர் இல்ல. என்னமோ செய், மாட்டிக்காத."

செய்தேன். பக்கத்தில் இருப்பவை பெரிதாக, தூரத்தில் இருப்பவை சிறிதாக. தூரத்துப் பறவையைக் கறுப்பாக விட்டால் ஒட்டவைத்ததுபோல் இருக்கும். அதனால் வானத்தின் சாம்பலை அதில் கொஞ்சம் ஏற்றினேன். சம இடைவெளி கூடாது. இங்கே நாலு நெருங்கி, அங்கே ஒன்று விலகி, நடுவே காலி. எல்லாம் ஒரே பக்கம் போக வேண்டும், ஆனால் எந்த இரண்டின் இறக்கையும் ஒரே நிலையில் இருக்கக் கூடாது. கடைசியாக, பறக்கும் திசையில் மெல்லிய மங்கல். படத்தின் மற்ற பகுதியை விடப் பறவை கூர்மையாகத் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். புதுக்கூட்டம் அருமையாக வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பழைய கூட்டத்தின் வால்பக்கம் ஒரு கடற்பறவை தனியாக வரும். இடது இறக்கையில் ஓர் இறகு இல்லாதது. என் பால்கனியிலிருந்து நானே எடுத்த படம். அதை விட்டுவிட மனசு வரவில்லை. இன்னும் சின்னதாக்கி, இன்னும் மங்கலாக்கி, இடது மூலையில் வைத்துவிட்டேன்.

அனுப்பிய மறுநாள் ரக்னில்ட் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது யாரு?"

"ஒரு பறவை."

"இந்த ஓட்டை றெக்கையை நான் எத்தனை படத்துல பாத்திருக்கேன் தெரியுமா? நாலு பேரு சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா."

அதன்பிறகு முடிவு வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. காப்பி கேட்டால் இயந்திரத்தைக் காட்டுவாள். நான் தூக்கத்தில்கூட அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யாராவது அடையாளம் கண்டுகொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

ஜெயித்தோம். நகராட்சி மண்டபத்தில் எங்கள் படங்கள் அச்சிட்ட அட்டைகளைச் சுவரில் மாட்டி, இலவங்கப்பட்டை ரொட்டி கொடுத்தார்கள். நடுவர் குழுத் தலைவி விபெக்க என்பவர் எங்களிடம் வந்து, தண்ணீருக்குள் இறங்கும் அந்தப் படிக்கட்டுக்காகத்தான் பரிசு என்றார். நான் வாயை மூடிக்கொண்டு ரொட்டியைத் தின்றிருக்க வேண்டும்.

"வானத்தைப் பாத்தீங்களா?" என்றேன். ரக்னில்ட் என் காலை மிதித்தாள்.

"வானமா?"

"பறவைங்க. அதைப் பாத்து யாருக்கும் எதுவும் தோணலியா?" காலில் இரண்டாவது மிதி விழுந்தது.

"ஓ, அந்தக் கூட்டமா. இருந்துச்சு. ஆனா இடது மூலையில தனியா ஒண்ணு, கொஞ்சம் மங்கலா வேற இருந்துச்சா, அச்சுல ஒட்டுன அழுக்குன்னு நெனச்சு எங்க செயலாளர் நகத்தால சுரண்டிட்டாங்க. அட்டையைப் பிரிச்சு வெளிய எடுத்து வெச்ச அன்னிக்கே, நாங்க யாரும் பாக்கறதுக்கு முன்னாடி. மன்னிச்சுக்கோங்க, காகிதம் கொஞ்சம் பிஞ்சிருச்சு."

போய்ப் பார்த்தேன். என் பறவை இருந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளை தெரிந்தது. றெக்கை, ஓட்டை எதுவும் மிச்சமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரக்னில்ட் பின்னால் வந்து நின்று அந்த வெள்ளையைப் பார்த்தாள். பிறகு, கடலைப் பார்த்த ஜன்னலருகே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த செயலாளர் அம்மாளைக் காட்டினாள்.

"போய் அவங்களுக்கு நன்றி சொல்லிட்டு வா."

போய்ச் சொன்னேன்.